கம்பி இல்லாத வானம்

சிங்காரவேலு அந்த ஃபிளெக்ஸைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தபோதே, ஏதோ வினை வருகிறது என்று செவ்வந்திக்குத் தெரிந்துவிட்டது. கும்பகோணம் கடைத்தெருவில் இருந்த கலந்தர் பாயின் ஸ்டூடியோவில் அவள் கம்ப்யூட்டரில் படம் திருத்துகிறவள். கல்யாண ஆல்பம், பாஸ்போர்ட் படம், இறந்தவர்களுக்குக் கோட்டு மாட்டி ஃபிரேம் போடுவது, எல்லாம் அவள் கைதான். சிங்காரவேலு மனை போட்டு விற்கிறவர். வேட்டியில் ஆளுங்கட்சிக் கரை. கடைக்குள் நுழைந்ததும் யாரையும் கேட்காமல் ஃபிளெக்ஸைத் தரையில் விரித்தார்.

"பாய், இங்க வந்து பாருங்க. வானமா இது? நத்தை ஊர்ந்த சுவரு மாதிரி இருக்கு."

கலந்தர் பாய் குனிந்து பார்த்தார். செவ்வந்தியும் எட்டிப் பார்த்தாள். குடவாசல் பக்கம் வடபாதிக்குடியில் பாயே போய் எடுத்த படம். ஐப்பசி கடைசியில் நட்ட வயல், தண்ணீர் நிற்கிறது, பின்னால் தென்னை வரிசை, மேலே மழை விட்ட சாயங்கால வானம். அந்த வானத்தின் குறுக்கே பம்புசெட்டுக்குப் போகும் மின்கம்பமும் கம்பியும் வரிசையாக ஓடின. அவற்றைப் பாயே அழித்திருந்தார். அவசரத்தில் ஒரே பெரிய பிரஷ்ஷை எடுத்து ஒரே இழுப்பாக இழுத்திருந்தார். கம்பி போய்விட்டது. போன இடத்தில் மொழுமொழுவென்று ஒரு பட்டை விழுந்திருந்தது. ஒரே மேகத்துண்டு மூன்று இடத்தில் அச்சடித்தாற்போல உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டர் திரையில் தெரியாத அசிங்கம், இருபதடி ஃபிளெக்ஸில் பல்லை இளித்தது.

"கம்பியே இருந்திருந்தாக்கூட ஒருத்தனும் பாத்திருக்க மாட்டான். இப்ப போறவன் வாறவனெல்லாம் அங்க என்னய்யா தொடைச்சிருக்கீங்கன்னு கேக்குறான்" என்றார் சிங்காரவேலு.

"செவ்வந்தி பாக்கும்ணே. நான் விட்டுட்டேன், தப்புதான்" என்றார் பாய்.

சிங்காரவேலு அவள் பக்கம் திரும்பினார். "கம்பம் இருந்த சுவடே தெரியக்கூடாதும்மா. வானம் வானமா இருக்கணும். அந்த ஓரத்துல ஒரு கொட்டகை தெரியுது பாரு, அதையும் எடுத்துடு."

"யாரோட பம்புசெட்டுண்ணே அது?"

"யாரோடதுமில்ல. ஓடாத பம்பு."

அவ்வளவுதான் பேச்சு. செவ்வந்தி அதற்குமேல் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், கேட்க அவளுக்குத் தோன்றவும் இல்லை. பாய் சொதப்பியதைத் தன்னால் சரிசெய்ய முடியும் என்ற குறுகுறுப்பு விரலுக்கு வந்துவிட்டது.

முதலில், பாய் திருத்திய படத்தை ஒதுக்கிவிட்டு, கேமராவிலிருந்து வந்த படத்தையே திறந்தாள். அதன்மேல் காலியாக ஒரு லேயர் போட்டுக்கொண்டாள். அடியில் இருக்கும் படத்தில் கை வைக்கக்கூடாது, திருத்துவதெல்லாம் மேலே ஒரு கண்ணாடித்தாளில் செய்வதுபோல இருக்க வேண்டும் என்பது அவள் வழக்கம். பிசகினால் அந்தத் தாளை மட்டும் துடைத்தால் போதும்.

கம்பியை ஒரே இழுப்பில் எடுக்கவில்லை. ஒரு கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் நடுவே கம்பி தொய்ந்து இறங்கும் வளைவைப் பிடித்து, அந்த ஒரு துண்டுக்கு மட்டும் கோடு வரைந்தாள். பிரஷ்ஷைக் கம்பியைவிட ஒரு மயிரிழை அகலமாக மட்டும் வைத்தாள். பிரஷ் பெரிதானால் வானத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். நிரப்புகிற வானத்தைத் தூரத்திலிருந்து எடுக்காமல், கம்பியை ஒட்டிய இடத்திலிருந்தே எடுத்தாள். வானம் மேலிருந்து கீழே நிறம் மாறுகிறது, பக்கவாட்டில் அவ்வளவாக மாறுவதில்லை. அதனால் நெட்டுக்குத்தாக நின்ற கம்பத்தை அழிக்கும்போது, அதே உயரத்தில் பக்கத்தில் இருக்கும் வானத்தைக் கொண்டுவந்து வைத்தாள். மேலே இருக்கிற நீலத்தைக் கீழே ஒட்டினால் வேட்டியில் நீலம் திட்டாகப் பிடித்த மாதிரி தெரியும்.

தென்னங்கீற்றைக் கம்பி தொடும் இடம்தான் கஷ்டம். பக்கத்து நிறத்தைக் கலந்து நிரப்பும் ஹீலிங் பிரஷ் வெறும் வானத்தில் நன்றாக வேலை செய்யும்; கீற்றுக்குப் பக்கத்தில் போனதும் அதன் கறுப்பை இழுத்து வானத்தில் பூசிவிடும். அங்கே கொஞ்சம் முன்னாலேயே அதை நிறுத்திவிட்டு, ஒரு இடத்தை அப்படியே நகலெடுத்து வைக்கும், விளிம்பு கூரான குளோன் பிரஷ்ஷுக்கு மாறினாள். கீற்று கீற்றாக வைத்துச் சேர்த்தாள். கம்பத்தின் நிழல் வயல் தண்ணீரில் நெளிந்து கிடந்தது. அதையும் எடுத்தாள். மேலே கம்பம் இல்லாமல் தண்ணீரில் மட்டும் கம்பம் தெரிந்தால் எவனாவது கண்டுபிடித்துவிடுவான். திருத்திய இடம் மட்டும் மழுங்கலாகத் தெரியாமலிருக்க, மற்ற வானத்தில் இருந்த அதே பொடிமணலைப் போன்ற கரகரப்பை அங்கேயும் மெல்லத் தூவினாள். கடைசியில் படத்தின் கறுப்பு வெள்ளை வித்தியாசத்தைக் கண்டபடி ஏற்றிவிட்டுப் பார்த்தாள். அப்படிப் பார்த்தால் ஒளிந்திருக்கும் கறையெல்லாம் வெளியே வந்துவிடும். இரண்டு இடத்தில் திட்டு தெரிந்தது. அதையும் சரிசெய்து, ஏற்றியதை இறக்கிவிட்டாள்.

வானம் கழுவி எடுத்தாற்போல இருந்தது. கொட்டகை இருந்த இடத்தில் நெல்லும் வரப்பும் நின்றன.

கலந்தர் பாய் மூக்கு இடிக்கிற தூரத்தில் வந்து திரையைப் பார்த்தார். "எங்கம்மா இருந்துச்சு கம்பம்? எடுத்த எனக்கே தெரியல" என்றார். அன்று முழுவதும் செவ்வந்திக்குச் சந்தோஷமாக இருந்தது. பஸ்ஸில் திருப்பனந்தாளுக்கு வீடு திரும்பும்போது, வழியில் பார்த்த கம்பத்தையெல்லாம் மனசுக்குள் அழித்துக்கொண்டே போனாள்.

புது ஃபிளெக்ஸ் குடவாசல் சாலையில் ஏறியது. நோட்டீஸ் அடித்தார்கள். 'காவிரி மண்ணில் உங்கள் கனவு இல்லம்' என்று எழுதி, மூலையில் பொடி எழுத்தில் ஸ்டூடியோ பெயரையும் போட்டார்கள்.

வைகாசியில் ஒரு நாள் உச்சி வெயிலில் ஒரு புருஷனும் பெண்சாதியும் அந்த நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு கடையைத் தேடி வந்தார்கள். அவர் பேர் ரெத்தினம். கருத்து, எலும்பும் தோலுமாக இருந்தார். கால் வெடிப்பில் சேறு காய்ந்திருந்தது. அவர் சம்சாரம் பொன்னுத்தாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தாள்.

"வடபாதிக்குடிங்க. பட்டாபிராமய்யரு நிலத்தை எங்க மாமனாரு காலத்துலேருந்து நாங்கதான் குத்தகைக்குச் செய்யறோம். அவரு மெட்ராஸ்ல இருக்காரு. இப்ப இந்த நோட்டீஸ் போட்ட ஆளுக்கு வித்துட்டாராம். எங்களை ஒரு வார்த்தை கேக்கல. நாங்க எறங்க மாட்டோம்னு நின்னோம். போன வாரம் பொக்லைன் வச்சு எங்க கரண்டுக் கம்பத்தையெல்லாம் ஒடைச்சுத் தள்ளிட்டாங்க. கொட்டகையையும் இடிச்சுட்டாங்க. ஒடைஞ்ச சிமிட்டியை டிராக்டர்ல அள்ளிட்டுப் போயி, எடத்தை உழுது சமப்படுத்திட்டாங்க. குறுவைக்கு நாத்து விட்டிருந்தோம். தண்ணியில்லாம காயுது."

ரெத்தினம் நோட்டீஸை மேஜைமேல் வைத்தார். "கரண்டு கனெக்‌ஷன் என் பேருல இருக்குங்க. அட்டை இருக்கு. அதைத் தாசில்தார்கிட்ட காட்டினா, அது வாய்க்காலுக்கு அந்தாண்ட இருக்குற வேற நிலத்துக்கு உள்ளதுங்குறான் சிங்காரவேலு. இந்த நிலத்துல கம்பமே நட்டதில்லையாம். நான் கூலிக்கு வந்தவனாம். லைன்மேன் லீவுல போயிட்டாரு. ஊர்ச்சனம் சொன்னா, ஒன் ஆளுங்க ஒனக்குத்தானே சொல்லுவாங்கங்குறாங்க. கடைசியில இந்த நோட்டீஸை எடுத்துக் காட்டுறான். போன கார்த்திகையில புடிச்ச போட்டோ, இதுல கம்பம் எங்க இருக்குன்னு கேக்குறான்."

"தாசில்தார் என்ன சொன்னாரு?" என்று கேட்டார் பாய்.

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வானத்தை உத்து உத்துப் பாத்தாருங்க. அழிச்சிருந்தா தெரியும்ல, இது சுத்தமா இருக்குய்யா, படத்துல இல்லாத கம்பத்தை நான் எங்க போயித் தேடுறதுன்னுட்டாரு."

செவ்வந்தி கம்ப்யூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பாய் அழித்த அந்த அசிங்கமான வானத்தை சிங்காரவேலு நீட்டியிருந்தால் தாசில்தார் ஒரு நொடியில் கண்டுபிடித்திருப்பார். அவள் கை சுத்தமாக இருந்ததால்தான் பொய் நின்றது.

"நீங்க எடுத்த படம்தானே? அழிக்காத படம் இருந்தாக் குடுங்க" என்றார் ரெத்தினம்.

கலந்தர் பாய் அவளைப் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த நோட்டீஸையே பார்த்துக்கொண்டு சொன்னார். "அதெல்லாம் அப்பவே அழிச்சாச்சுங்க. வேலை முடிஞ்சா நாங்க வச்சிக்கிறதில்ல."

நாளைக்குத் தாலுகா ஆபீஸில் பேச்சுவார்த்தை என்று சொல்லிக்கொண்டே அவர்கள் படியிறங்கிப் போனார்கள். செவ்வந்தி எழுந்து பின்பக்கம் போய் முகம் கழுவினாள். சோப்புப் போட்டுக் கையையும் கழுவினாள். திரும்பி வந்து நின்றாள்.

"பாய், படம் இருக்கு. கேமராலேருந்து எறக்கினது எல்லாம் இருக்கு."

"இருந்தா இருக்கட்டும்."

"எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"செவ்வந்தி, நான் ஊரான் சண்டையில விழுந்தா என் கடைக்கு முன்னாடி நாளைக்கு எவன் நிப்பான்னு உனக்குத் தெரியாது. படத்துல இருக்குற கம்பியை எடுத்துக் குடுத்தோம். தரையில இருக்குற கம்பத்தை நாமளா ஒடைச்சோம்?"

அவர் கெட்டவரில்லை. அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர், அவள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வந்து பார்த்தவர். அதனால்தான் இன்னும் அருவருப்பாக இருந்தது. நல்ல மனிதர் ஒருவர் பயத்தில் வழவழவென்று பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்பது, ஃபிளெக்ஸில் இருந்த அந்த நத்தைத் தடத்தைத் தொட்டுப் பார்த்தாற்போல இருந்தது.

செவ்வந்தியின் அப்பா கடைசிவரைக்கும் கூலி ஆள்தான். குத்தகைக்கு ஒரு துண்டு நிலம் கிடைத்துவிடாதா என்று ஒவ்வொரு வீட்டு வாசலாக நின்று பார்த்தவர். கிடைக்கவில்லை. கிடைத்த ஒருவரின் காலுக்கடியிலிருந்து அதை உருவ, தன் கை போயிருக்கிறது என்பதை அவளால் விழுங்க முடியவில்லை.

மறுநாள் கடைக்குச் சீக்கிரம் வந்தாள். திருத்தாமல் அடியில் இருந்த படத்தை மட்டும் பெரிதாக அச்சுப் போட்டாள். பிறகு பாய் அன்று நடந்து நடந்து எடுத்திருந்த மற்றப் படங்களையும் தேடி எடுத்தாள். வாய்க்கால் கரையிலிருந்து ஒன்று, தென்னைக்குக் கீழிருந்து ஒன்று, கொட்டகைக்குப் பக்கத்திலேயே நின்று ஒன்று. எல்லாவற்றிலும் கம்பம் நின்றது. ஒன்றில் கொட்டகை வாசலில் ரெத்தினமே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரோ படம் பிடிக்கிறார்களே என்று பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் அச்சுப் போட்டுக் கவரில் வைத்துக்கொண்டு கிளம்பும்போது பாய் வந்துவிட்டார். கவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"நான் குடுக்கலைன்னு சொல்லிடு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தாலுகா ஆபீஸில் அன்று பேச்சுவார்த்தை. வடபாதிக்குடி ஜனம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தது. உள்ளே தாசில்தார், சிங்காரவேலு, நிலத்தை விற்ற பட்டாபிராமன், ரெத்தினம். பட்டாபிராமன் சென்னையில் பெரிய கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி கலையாத சட்டை. பேச்சில் சத்தமே இல்லை. ரெத்தினத்தைப் பார்க்கும்போதுகூடச் சிரித்துக்கொண்டேதான் பார்த்தார்.

செவ்வந்தி வாசலில் நின்று, "சார், நான் அந்த ஸ்டூடியோவுலேருந்து வரேன். நோட்டீஸ்ல இருக்குற படத்துல கம்பியை அழிச்சது நான்தான்" என்றாள்.

பெரிய படத்தை மேஜைமேல் விரித்தாள். அதே வயல், அதே தென்னை, அதே வானம். நடுவில் கம்பங்கள்.

சிங்காரவேலுதான் முதலில் சுதாரித்தார். "சார், அழிக்கத் தெரிஞ்சவங்களுக்கு வரையத் தெரியாதா? இவங்க ஆளுங்கன்னு வரைஞ்சு எடுத்துட்டு வந்துருக்கு. கம்ப்யூட்டர்ல எதை வேணும்னாலும் வைக்கலாம்."

'இவங்க ஆளுங்க' என்று அவர் சொன்ன விதத்தில் வெற்றிலை எச்சில் தெறித்தாற்போல இருந்தது. தாசில்தாரும் தலையாட்டினார். "அதுவும் நியாயம்தானேம்மா? எதை நம்புறது நான்?"

செவ்வந்தி மற்றப் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். "ஒரு படத்துல வரையலாம் சார். இது ஒவ்வொண்ணும் வேற வேற எடத்துலேருந்து எடுத்தது. வெயில் மாறுது, நெழல் மாறுது, தண்ணியில அலை மாறுது. அப்படியும் நம்பலைன்னா படத்தை விடுங்க. எடத்துல போயித் தோண்டுங்க. பொக்லைன்ல ஒடைச்சா மேல உள்ளதுதான் போகும். அடி மண்ணுக்குள்ளதான் இருக்கும்."

"நான் இதைத்தாங்க ஒரு வாரமாச் சொல்றேன். யாரு கேட்டா?" என்றார் ரெத்தினம்.

தாசில்தார் படங்களைப் புரட்டினார். கொட்டகை வாசலில் நின்ற ரெத்தினத்தையும், எதிரில் நின்ற ரெத்தினத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எரிச்சலோடு ஜீப்பை எடுக்கச் சொன்னார். அவருக்கு நியாயத்தின்மேல் பிடிப்பு வந்ததாக செவ்வந்திக்குத் தோன்றவில்லை. இத்தனை படம் வெளியே போனால் பேப்பர்காரன் கையில் சிக்கும் என்ற கணக்குத்தான் முகத்தில் தெரிந்தது.

வயலில் இறங்கினால், அது வயலாகவே இல்லை. சர்வே கல் நட்டு வெள்ளையடித்திருந்தார்கள். ஒரு மூலையில் மட்டும் நாற்றங்கால் வைக்கோல் நிறத்தில் வெடித்துக் கிடந்தது. பொன்னுத்தாய் அதன் ஓரத்தில் போய் நின்றுகொண்டாள். ரெத்தினம் யாரையும் கேட்காமல், தென்னை வரிசையை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு நேராக நடந்து ஒரு இடத்தில் நின்றார். படத்தில் இரண்டாவது கம்பம் நின்ற இடம். ஊர்க்காரர் ஒருவர் கடப்பாரையை ஓங்கிப் போட்டார். மண் பொலபொலவென்று வந்தது. மறுபடி போட்டார். கடப்பாரை எதிலோ பட்டு எகிறியது. சுற்றிலும் மண்ணைத் தள்ளினார்கள். முறிந்த இரும்புக் கம்பியோடு சிமென்ட் கம்பத்தின் அடி வெளியே தெரிந்தது. பிடுங்கின பல்லின் வேர் ஈறுக்குள் நின்றுவிட்ட மாதிரி.

ஜனம் கத்த ஆரம்பித்தது. சிங்காரவேலு போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வரப்பில் தள்ளிப் போனார். "பழைய கம்பமா இருக்கும் சார், விசாரிக்கிறேன்" என்று போகிற போக்கில் சொன்னார். வெட்கம் என்று ஒன்று அந்த முகத்தில் ஏறவே இல்லை.

ரெத்தினம் பெரிய படத்தை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். இன்னொரு கையில் நோட்டீஸ். இரண்டையும் பார்த்துவிட்டு செவ்வந்தியிடம் கேட்டார்.

"நீ எந்த ஊரும்மா?"

"திருப்பனந்தாள் பக்கம்."

"எந்தத் தெரு?"

சொன்னாள். நம்ம ஆளுதான் என்று அவருக்குப் புரிந்தது. பிறகு வரப்புக்கு அந்தப் பக்கம் திரும்பிக் காறித் துப்பினார். அவள்மேல் துப்பவில்லை. ஆனால் யாருக்காகத் துப்பினார் என்பதில் சந்தேகமும் இல்லை.

"கேட்டிருக்கலாமேம்மா, யாரு கம்பம்னு" என்றாள் பொன்னுத்தாய்.

"கேட்டேங்க. ஓடாத பம்புன்னாரு."

"படத்துல வயல்ல தண்ணி நிக்கிது. ஓடாத பம்பா?"

அந்தத் தண்ணீரில் விழுந்த நிழலைக்கூட விடாமல் எடுத்தவள் செவ்வந்தி.

தாசில்தார், நிலத்தில் மனை வேலை எதுவும் நடக்கக்கூடாது என்றும், கரண்டைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்றும் எழுதினார். கம்பம் நட்டுக் கம்பி இழுத்துக் கரண்டு வருவதற்குள் குறுவை போயே போய்விட்டது. ரெத்தினம் சம்பாவுக்குத்தான் மறுபடி நாற்று விட்டார். குத்தகை வழக்கு ரெவின்யூ கோர்ட்டுக்குப் போனது. கம்பத்தை உடைத்ததற்கு பொக்லைன் ஓட்டியவன்மேல் மட்டும் ஒரு கேஸ் போட்டார்கள். சிங்காரவேலு அடுத்த மாசமே வேறு ஊரில் வேறு வயலில் கல் நட்டார். கலந்தர் பாய் கடைக்கு மட்டும் அவர் வரவில்லை. பாயும் செவ்வந்தியும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. புதிதாக வேலை வரும்போது மட்டும், "இது யாரு எடம்னு கேட்டுக்க" என்று பாய் தலையைத் தூக்காமல் சொல்வார்.

கம்பத்தைத் தோண்டிய அன்று வயலிலிருந்து எல்லோரும் கலைகிற நேரத்தில் பட்டாபிராமன் காருக்குப் போகாமல் செவ்வந்தியிடம் வந்தார். அத்தனைக்கும் நடுவே அவர் செருப்பில் மண் ஒட்டாமல் நடந்து வந்திருந்தார்.

"நீதானே அந்தப் படத்தைப் பண்ணினவ? ரொம்ப நன்னா பண்ணியிருக்கே."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கேலி செய்கிறாரோ என்று நினைத்தாள். இல்லை, நிஜமாகவே சொன்னார்.

"எங்க ஆத்து ஹால்ல மாட்டணும். கம்பி இல்லாததுதான், அந்த நோட்டீஸ்ல இருக்கறது. பெரிசா ஒரு காப்பி போட்டு ஃபிரேம் பண்ணித் தர முடியுமா? என் ஆத்துக்காரி காமுவுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. எங்க ஊர் இவ்வளவு அழகான்னு கேட்டா."

தோண்டின குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டார். குழிக்குள் சிமென்ட் அடி தெரிந்தது. சற்றுத் தள்ளிப் பொன்னுத்தாய் காய்ந்த நாற்றைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அதுல ரெத்தினம் அண்ணன் கொட்டகையும் இல்ல சார்" என்றாள் செவ்வந்தி.

"அதனால என்ன? பார்க்க நன்னாத்தானே இருக்கு."

அவளுக்கு வாயெல்லாம் உப்புக் கரித்தது. "அந்தப் படம் இனிமே கிடைக்காது சார்" என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்து என்ன சொல்கிறார் என்று கேட்காமல் வரப்பில் ஏறி நடந்தாள். ரோட்டுக்கு வந்து சேர்வதற்குள் வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததால் வெறும் பித்தநீர்தான் வந்தது. கும்பகோணம் பஸ் வந்ததும் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு ஏறி, நின்றுகொண்டே போனாள்.